நாற்பத்தைந்து ஆம்பியர்

என் கணிப்பொறி ஏழாவது தடவையாக அணைந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. உள்ளே "டக்" என்று ஒரு சத்தம், மின்விசிறிகள் ஓய்ந்தன, அவ்வளவுதான். திரையில் கடைசியாக நான் பார்த்தது பதினேழாவது ஃப்ரேம்.

என் தொழில் இன்னும் கட்டப்படாத கட்டடங்களுக்குள் ஆட்களை நடக்க வைப்பது. கட்டடக் கலைஞர் வரைபடம் தருவார். நான் அதைக் கணிப்பொறியில் எழுப்பி, சுவருக்கு வண்ணமடித்து, ஜன்னலில் வெயில் விட்டு, ஒரு நிமிடப் படமாக்கித் தருவேன். பதினோரு வருடம் ஓர் அலுவலகத்தில் இதைச் செய்தேன். இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டு, வீட்டுப் பின்னறையில் மேசை போட்டுக்கொண்டேன். கிளம்பும் நாளில் மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மூணே மாசம். நீங்களே வந்து நாற்காலி கேப்பீங்க. எடுத்து வைக்கிறேன்."

தனியாக வந்த பிறகு கிடைத்த முதல் பெரிய வேலை, ஒரு பள்ளிக்கூடத்தின் படம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பள்ளி நிர்வாகக் கூட்டம். அதற்குள் படம் போகவில்லை என்றால் வேலை யாருக்குப் போகும் என்பதைக் கட்டடக் கலைஞர் ஒளிக்கவில்லை. என் பழைய அலுவலகத்துக்குத்தான்.

இந்த வேலைக்காகவே புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். மாட்டிக் கொடுத்தவர் எங்கள் குடும்பத்து எஞ்சினியர். எஞ்சினியர் என்பது பட்டப்பெயர். அவர் என் நாத்தனாரின் கணவர், படித்தது வணிகவியல், நடத்துவது கணிப்பொறிக் கடை. சொந்தத்தில் யார் வீட்டில் எது ரிப்பேரானாலும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

கார்டு மாட்டிய அன்று விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். "கார்டுக்கு முந்நூத்தி இருபது வாட். ப்ராசஸருக்கு நூத்தி இருபத்தஞ்சு. மத்ததெல்லாம் சேர்த்து ஒரு அம்பது. மொத்தம் நானூத்தி தொண்ணூத்தஞ்சு. உன் பவர் சப்ளை எழுநூத்தம்பது. இன்னொரு வீட்டுக்கே கரண்ட் குடுக்கலாம் தங்கச்சி!"

கார்டின் அட்டைப்பெட்டியிலும் எழுநூற்றைம்பது போதும் என்றே போட்டிருந்தது. கணிப்பொறிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் அந்தப் பவர் சப்ளையை மூன்று வருடத்துக்கு முன் விற்றவரும் அவர்தான். ஒரே கருப்புக் கேபிள், நுனியில் இரண்டு தலை, இரண்டையும் கார்டில் செருகி, மிச்சத்தைப் பின்னால் இழுத்துக் கட்டி, கண்ணாடிக் கதவை மூடினார். பார்க்க நகைக்கடை மாதிரி இருந்தது. நானும் பல்லிளித்துக்கொண்டு கைதட்டினேன். அந்தக் கைதட்டலுக்காக இன்றுவரை நான் என்னை மன்னிக்கவில்லை.

முதல் தடவை அணைந்தபோது, "வீட்டு பிளக் பாயின்ட் சரியில்லை" என்றார். எலெக்ட்ரீஷியன் வந்து பிளக்கை மாற்றினார். மாற்றி முடித்து நிமிர்வதற்குள் கணிப்பொறி மறுபடி அணைந்தது. அந்த மனிதர் மேலே பார்த்தார். "அம்மா, லைட்டு மினுங்கவே இல்ல. ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கு. இந்தப் பெட்டி மட்டும்தான் சாகுது. என் பக்கம் தப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தீர்ப்பு சூடு. அதற்கடுத்து, "அவ ஒரே நேரத்துல நாப்பது வேலையத் திறந்து வெச்சுக்கறா." இதை என்னிடம் சொல்லவில்லை. என் நாத்தனாரிடம் சொல்லி, அவர் என் மாமியாரிடம் சொல்லி, ஒரு நிச்சயதார்த்த வீட்டில் யாரோ ஒரு சித்தி என்னிடம் வந்து, "கம்ப்யூட்டர மெதுவா யூஸ் பண்ணணுமாமே?" என்று கேட்டார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இங்கே மேடை போட்டவரே ஆடுகிறவளைக் குறை சொன்னார்.

வியாழக்கிழமை காலை, சண்டைக்கு முன் ஆதாரம் வேண்டும் என்று உட்கார்ந்தேன். நொடிக்கு ஒரு தடவை வெப்பத்தைக் கோப்பில் எழுதி வைக்கும் ஒரு சிறு மென்பொருளைப் போட்டு, ரெண்டரை, அதாவது கார்டு ஒவ்வொரு ஃப்ரேமாக வரைந்து தள்ளும் வேலையை, தொடங்கினேன். நான்காவது நிமிடம் செத்தது. திறந்து கடைசி வரியைப் பார்த்தேன். கார்டு அறுபத்தாறு டிகிரி, ப்ராசஸர் எழுபது. அது காய்ச்சலே இல்லை. சூட்டுக் கதை முடிந்தது.

பிறகு கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கு அமைப்பில் ஒரு வரம்பு வைத்தேன். நூறில் அறுபது. ஒரு மணி நேரம் ஓடியது, சாகவில்லை. வரம்பை எடுத்தேன். நான்கே நிமிடம், டக். மறுபடி வைத்தேன், ஓடியது. மறுபடி எடுத்தேன், செத்தது. குறைவாகக் கேட்டால் கிடைக்கிறது, முழுதாகக் கேட்டால் கதவைச் சாத்துகிறது. அப்படியானால் தப்பு கேட்கிறவனிடம் இல்லை, கொடுக்கிறவனிடம்தான்.

போனில் சொன்னேன். எஞ்சினியர் உடனே, "அப்ப கார்டு ஃபால்ட். கம்பெனிக்கு அனுப்பிடலாம். மூணு வாரம்" என்றார்.

"நாளைக்கு எனக்கு வேலை அண்ணா."

"அறுபதுல ஓடுதுல்ல? அதுலயே ஓட்டு."

ஓட்டலாம்தான். ஆனால் சுவரின் வண்ணத்துக்குப் பள்ளிக்காரர்கள் ஒப்புதல் தருவதே வெள்ளி காலை பத்து மணிக்கு. அதற்குப் பிறகுதான் ரெண்டர். மொத்தம் ஆயிரத்து நானூற்று நாற்பது ஃப்ரேம். கார்டு முழு வேகத்தில் ஓடினால் ஃப்ரேமுக்குப் பதினைந்து நொடி, ஆறு மணி நேரம். நொண்டி ஓட்டத்தில் இருபத்து நான்கு நொடி, ஒன்பதரை மணி நேரத்துக்கும் மேல். எனக்கு இருந்ததோ எட்டே மணி நேரம்.

மதியம் என் கணவர் வந்ததும் டார்ச்சைக் கையில் கொடுத்தேன். அவர் யார் எது சொன்னாலும் தலையாட்டும் நல்ல மனிதர். பெட்டியின் அடித்தட்டில் பவர் சப்ளை உட்கார்ந்திருந்தது. அதன் ஸ்டிக்கர் வெளியே தெரியாத பக்கம் திரும்பியிருந்தது. நான்கு திருகாணியைக் கழற்றி இழுத்தேன். 750W என்று கொட்டை எழுத்து. கீழே எறும்பு எழுத்தில் ஒரு கட்டம். அதில் பன்னிரண்டு வோல்ட் என்ற பத்தியில் போட்டிருந்தது: 45A.

"பன்னெண்டு இன்ட்டு நாப்பத்தஞ்சு எவ்வளவுங்க?"

"ஐநூத்தி நாப்பது" என்றார். பிறகு, "அப்ப மிச்ச இருநூத்திப் பத்து?" என்று கேட்டார்.

மிச்சம் மூன்று வோல்ட், ஐந்து வோல்ட் என்று இந்தக் காலத்துக் கணிப்பொறி அதிகம் தொடாத கம்பிகளில் கிடந்தது. கார்டும் ப்ராசஸரும் குடிப்பது பன்னிரண்டு வோல்ட் மட்டும். அதிலும் முந்நூற்று இருபது என்பது கார்டின் சராசரிதான். வேலை மும்முரமாகும்போது கண்ணிமைப்பதற்குள் ஐநூறு, அறுநூறு என்று எகிறி இறங்கும். அந்த ஒரு எகிறலில் பவர் சப்ளை பயந்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. போதாததற்கு ஒற்றைக் கேபிளில் இரண்டு தலை. யானையை வாங்கிவிட்டு அதைச் சணல் கயிற்றில் கட்டியிருந்தோம்.

"வேற கடைல ஒண்ணு வாங்கிடலாமே" என்றார் கணவர்.

"வாங்கலாம். அப்புறம் ஆயுசுக்கும் எனக்குத்தான் கம்ப்யூட்டர் யூஸ் பண்ணத் தெரியாது. அவர் கடைக்கே போறோம். அவர் கடை மேசைமேலயே ஓட்டிக் காட்டறேன்."

"மாமா சங்கடப்படுவார்."

"படட்டும். மூணு வாரமா நான் படறேன்."

அவர் இந்த முறை தலையாட்டவில்லை. சற்று யோசித்து, "நாளைக்கு லீவு போடறேன். பெட்டி கனம். நீ தூக்க வேண்டாம்" என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் எடுத்த முதல் கட்சி அது.

வெள்ளி ஒன்பது மணிக்குக் கடை ஷட்டர் ஏறும்போது நாங்கள் கணிப்பொறியோடு வாசலில் நின்றோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் உள்ளே போவதற்குள் மூன்று வாடிக்கையாளர்கள் நுழைந்துவிட்டார்கள். எஞ்சினியர் கல்லாவில் இருந்தார். ஓரத்து மேசையில் மெக்கானிக், ஐம்பதைத் தாண்டிய மனிதர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கழற்றிய பவர் சப்ளையைக் கொண்டுபோய்க் கல்லாவின் மேல் வைத்தேன்.

"அண்ணா, இந்தக் கட்டத்தப் படிங்க."

"எழுநூத்தம்பது" என்றார் பார்க்காமலே.

"கொட்டை எழுத்த விடுங்க. பன்னெண்டு வோல்ட்டுக்குக் கீழ."

கண்ணாடியைத் தேடினார். கிடைக்காத மாதிரி தேடினார். மெக்கானிக் எழுந்து வந்து குனிந்து படித்து, "நாப்பத்தஞ்சு ஆம்பியர் சார்" என்றார். "இது ஐநூத்தி நாப்பதுதான்."

"பழைய டிசைன்ல அப்படித்தான் இருக்கும்" என்றார் எஞ்சினியர்.

"இருக்கட்டும் அண்ணா. ஆனா நீங்க கூட்டிச் சொன்னது எழுநூத்தம்பதுல. நாப்பது வேலையத் திறந்தேன்னு ஊர் முழுக்கச் சொன்னீங்க. நான் திறந்தது ஒரே வேலை. நீங்கதான் ஸ்டிக்கரத் திறந்து பாக்கல."

வாடிக்கையாளர்களில் ஒருவர் விலைப்பட்டியலை வெகு கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். என் கணவர் தரையைப் பார்த்தார், ஆனால் என் பக்கத்திலேயே நின்றார்.

எஞ்சினியர் முகம் சிவந்து, அலமாரியிலிருந்து ஒரு புதுப் பவர் சப்ளைப் பெட்டியை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார். எண்ணூற்றைம்பது வாட். வாங்கி முதலில் ஸ்டிக்கரைப் படித்தேன். பன்னிரண்டு வோல்ட், எழுபது ஆம்பியர். எண்ணூற்று நாற்பது. இது சொன்ன சொல் காப்பாற்றுகிற ஜாதி.

"பெட்டிய மட்டும் மாத்துங்க" என்று மெக்கானிக்கிடம் சொன்னார் எஞ்சினியர். "கேபிளக் கழட்டாதீங்க. நான் அரை நாள் உக்காந்து கட்டினது. இந்தப் பக்கம் உருவி அந்தப் பக்கம் செருகினா முடிஞ்சுது. பத்து நிமிஷம்."

அந்தக் கடையின் வழக்கம் அதுதான். கேபிள் அழகுக்கு அங்கே கோயில் மரியாதை. பவர் சப்ளை கெட்டால் கேபிளை உள்ளேயே விட்டுவிட்டு, அதே கம்பெனியின் அதே மாடலைச் செருகுவார்கள். அதே மாடல் என்பதால் இதுவரை தப்பியிருந்தார்கள். மெக்கானிக் பழைய கேபிளின் நுனியைப் பிடித்துப் புதுப் பெட்டியின் வாயருகே கொண்டுபோனார். கச்சிதமாகப் பொருந்தும் போலிருந்தது.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஓர் அந்நிய ஆணின் கையை இப்படிப் பிடிப்பேன் என்று நானே நினைத்ததில்லை.

"கேபிள் எல்லாம் வெளிய வரணும்."

"பிளக் ஒரே மாதிரிதானம்மா இருக்கு?" என்றார் அவர்.

"கார்டுப் பக்கம் எல்லாருக்கும் ஒண்ணு. பவர் சப்ளைப் பக்கம் அவங்கவங்க இஷ்டம். எந்தக் கம்பி எந்த ஓட்டைல வரும்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இது வேற கம்பெனி."

எஞ்சினியர் சிரித்தார். அது அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. "கரண்ட் கரண்ட்தான் தங்கச்சி. இன்டர்நெட்ல படிச்சுட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கறியா? இருபது வருஷக் கடை இது."

மணி ஒன்பது இருபத்தைந்து. என் கணிப்பொறிக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் பள்ளிக்கூடம் முழுக்க இருந்தது. மாடிப்படி, வகுப்பறை, ஜன்னல் வெயில் எல்லாம். பிரதி ஒன்று வீட்டில் உண்டு, ஆனால் மதர்போர்டும் கார்டும் கருகிப் போனால் பிரதியை வைத்து நான் விசிறிக்கொள்ள வேண்டியதுதான்.

"பாடம் எடுக்கல. மீட்டர எடுங்க" என்றேன். "வெளிய வெச்சே பாத்துடலாம். எதுலயும் மாட்டாம."

மெக்கானிக் முதலாளியைப் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்க்காதபடி, முதலாளியின் பதிலுக்குக் காத்திராமல் மல்டிமீட்டரை எடுத்தார். புதுப் பவர் சப்ளையை வெறும் மேசையில் வைத்து, அதோடு வந்த பெரிய கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில் பச்சைக் கம்பியின் துளையையும் கருப்புக் கம்பியின் துளையையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்தார், போர்டு இல்லாமலே அது ஓடுவதற்காக. சுவிட்சைப் போட்டதும் மின்விசிறி சுற்றியது. முதலில் புதுப் பெட்டியோடு வந்த ஹார்ட் டிஸ்க் கேபிளைச் செருகி, ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் மீட்டர் முனையை வைத்தார். 5.03. அணைத்தார். என் பழைய கேபிளில் ஒன்றைக் கழற்றி அதே வாயில் செருகினார். தடையில்லாமல் உள்ளே போனது. மறுபடி சுவிட்ச். அதே இடத்தில் முனையை வைத்தார்.

12.09.

விலைப்பட்டியல் படித்துக்கொண்டிருந்தவர் கூடக் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"அஞ்சு கேக்கற இடத்துல பன்னெண்டு" என்றார் மெக்கானிக் மெதுவாக. "டிஸ்க் புகைஞ்சிருக்கும்." சுவிட்சை அணைத்துவிட்டுத் தன் கையையே ஒரு கணம் பார்த்துக்கொண்டார்.

எஞ்சினியர் முன்னால் வந்து மீட்டரைத் தானே வாங்கி, சுவிட்சைப் போட்டு, தானே வைத்துப் பார்த்தார். மீட்டருக்கு உறவுமுறை தெரியாது. மறுபடியும் 12.09 என்றே காட்டியது. அவர் போய்க் கல்லாவில் உட்கார்ந்தார்.

"நான் மாட்டறேன்" என்றேன் மெக்கானிக்கிடம். "நீங்க பக்கத்துல நில்லுங்க."

பழைய கேபிள்களை ஒவ்வொன்றாக உருவினேன். அரை நாள் கட்டிய அழகு ஐந்து நிமிடத்தில் மேசையில் குப்பையாகக் கிடந்தது. புதியவற்றைப் போட்டேன். போர்டுக்குப் பெரியது. ப்ராசஸருக்கு எட்டு பின். கார்டுக்கும் எட்டு பின்தான், பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. கேபிள் நுனியில் அச்சிட்டிருந்த எழுத்தைப் படித்துப் படித்துச் செருகினேன். கார்டின் இரண்டு வாய்க்கும் இரண்டு தனிக் கேபிள், பவர் சப்ளையின் இரண்டு தனித் துளையிலிருந்து. ஒவ்வொன்றையும் "க்ளிக்" சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன். கம்பிகள் கண்ணாடிக்குப் பின்னால் தாறுமாறாக வளைந்து நின்றன.

"பாக்கவே சகிக்கல" என்றார் எஞ்சினியர் கல்லாவிலிருந்து. பழக்கதோஷம்.

"அழகு பாக்க நான் வாங்கல அண்ணா. ஓடட்டும்."

பத்து ஐந்துக்கு வண்ணத்துக்கு ஒப்புதல் வந்தது. மங்கலான மஞ்சள். பத்து இருபதுக்கு, வரம்பு எதுவும் இல்லாமல், முழு வேகத்தில் ரெண்டரைத் தொடங்கினேன். வீட்டுக்குப் போகலாம் என்றார் கணவர். மாட்டேன் என்றேன். இந்த மேசையில்தான் ஓட வேண்டும், இவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும். உட்கார ஒரு கால் குட்டையான ஸ்டூல் கிடைத்தது.

பதினேழாவது ஃப்ரேம் வந்தபோது நான் மூச்சு விடவில்லை. பதினெட்டு. பத்தொன்பது. நூறு. மெக்கானிக் தன் வேலைக்குப் போனார், ஆனால் ஒவ்வொரு முறை என்னைத் தாண்டும்போதும் எண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். என் கணவர் எங்கிருந்தோ ரொட்டி வாங்கி வந்தார். அதை எப்போது தின்றேன் என்று எனக்கே நினைவில்லை. எண்ணூறாவது ஃப்ரேமில் ஒரு வாடிக்கையாளர் கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சார், போன மாசம் உங்ககிட்ட வாங்கினது. விளையாட ஆரம்பிச்சா அணைஞ்சு போகுது."

"வீட்டு பிளக் பாயின்ட்..." என்று ஆரம்பித்தார் எஞ்சினியர்.

நான் ஸ்டூலில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தேன்.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து, காலையில் கிடைக்காத அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "வைங்க. முதல்ல ஸ்டிக்கரப் பாத்துடறேன்" என்றார்.

நான்கு இருபத்தைந்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது. ஒருமுறைகூட அணையவில்லை. ஃப்ரேம்களைச் சேர்த்துப் படமாக்கி, முழுதும் ஒரு தடவை பார்த்து, ஐந்து மணிக்கு முன்பே அனுப்பினேன். ஐந்து பத்துக்குக் கட்டடக் கலைஞரிடமிருந்து செய்தி: கிடைத்தது, வெயில் பிரமாதம்.

பெட்டியின் திருகாணிகளை இறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பழைய மேலாளர். அவருடைய குரலில் அதே சிரிப்பு.

"ஸ்கூல் வேலை உங்களுக்குக் கொஞ்சம் பாரமா இருக்குனு கேள்விப்பட்டேன். மெஷின் பிரச்சனையாமே? தயங்காதீங்க. நாற்காலி அப்படியே இருக்கு."

"படம் போயாச்சு சார்."

"அப்படியா? நல்லது. சரி, நாற்காலி..."

"வேற யாரையாவது உக்கார வைங்க" என்றேன். "எனக்கு ஒரு ஸ்டூல் கிடைச்சிருக்கு. ஒரு கால் குட்டை. ஆனா நான் உக்காந்தா நிக்குது."

போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கப் போன என் கணவரைத் தடுத்தேன். கனம்தான். இருந்தாலும் அந்தக் கடையிலிருந்து அதை நான்தான் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.